கைடு துன்புறுத்தினால் எங்கே, எப்படிப் புகார் செய்வது? ஆய்வு மாணவர்களின் கேள்விகளுக்குப் பதில்

பல்கலைக்கழகக் குறைதீர் குழுக்களில் பல ஆண்டுகள் உறுப்பினராக இருந்திருக்கிறேன். யுஜிசி விதிகளுக்குக் கட்டுப்பட்ட பல்கலைக்கழகங்களை வைத்தே இங்கே பதில் சொல்கிறேன். ஐஐடி போன்ற நிறுவனங்களில் படிப்பவர்கள் அங்குள்ள விதிகளைத் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வேதியியலில் மூன்றாம் ஆண்டு ஆய்வு மாணவி நான். மற்ற மாணவர்கள் முன்னால் "உனக்கெல்லாம் எதுக்கு பிஎச்.டி." என்று கைடு கத்துகிறார். அவர் மகனின் பள்ளி ப்ராஜெக்டை என்னிடம் செய்யச் சொல்கிறார். நான்கு மாதமாக என் அத்தியாயத்தைப் படிக்கவில்லை. எல்லாமே வாய்ப்பேச்சு, கையில் ஆதாரம் ஒன்றும் இல்லை. என்ன செய்வது?

இன்றைக்கே ஒரு நாட்குறிப்பு தொடங்குங்கள். ஒவ்வொரு சம்பவத்துக்கும் தேதி, நேரம், இடம், யார் யார் இருந்தார்கள், அவர் என்ன சொன்னார், அதன் பிறகு என்ன நடந்தது என்பதை எழுதுங்கள். அவர் சொன்ன சொற்களை அப்படியே எழுதுங்கள். "கேவலமாகத் திட்டினார்" என்று எழுதினால் அது உங்கள் கருத்தாகத்தான் குழுவுக்குத் தெரியும். நீங்கள் மேலே எழுதியிருக்கும் அந்த ஒரு வாக்கியம், தேதியோடும் கேட்டவர்கள் பெயரோடும் இருந்தால், குழு அவர்களைக் கூப்பிட்டு விசாரிக்க முடியும். அன்றன்றே எழுதுவது முக்கியம். ஆறு மாதத்துக்குப் பிறகு நினைவிலிருந்து எழுதினால் தேதிகள் மாறிப்போகும். ஒரு தேதி தவறு என்று எதிர்த்தரப்பு காட்டிவிட்டால் மற்ற எல்லாவற்றின் மேலும் சந்தேகம் வந்துவிடும்.

அடுத்து, வாய்ப்பேச்சை எழுத்துக்குக் கொண்டுவரும் வழி. ஒவ்வொரு சந்திப்புக்குப் பிறகும் அன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: "வணக்கம் சார். இன்று காலை பேசியபடி மூன்றாம் அத்தியாயத்தில் இரண்டாவது சோதனையை மீண்டும் செய்கிறேன். ஜூன் 3 அன்று அனுப்பிய வரைவு குறித்த உங்கள் கருத்து வந்தால் திருத்தத் தொடங்குவேன்." இதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. ஆனால் நீங்கள் எப்போது அனுப்பினீர்கள், அவர் எத்தனை மாதம் பதில் தரவில்லை என்பது தேதியோடு பதிவாகிவிடுகிறது. மகனின் ப்ராஜெக்டையும் இப்படிக் கையாளலாம்: "நீங்கள் கேட்ட பள்ளி மாதிரியை வெள்ளிக்கிழமை தர முடியாது, அன்று கருவியில் எனக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறது." அவர் அதை மறுத்துப் பதில் எழுதவில்லை என்றால், அப்படி ஒரு வேலையைக் கேட்டார் என்பதற்கு அந்த மின்னஞ்சல் வலுவான ஆதாரம்.

வாட்ஸ்அப் செய்திகளை ஸ்க்ரீன்ஷாட் மட்டும் எடுத்து வைக்காமல், உரையாடல் முழுவதையும் எக்ஸ்போர்ட் செய்துவிடுங்கள். நடுவிலிருந்து வெட்டியெடுத்தது என்று யாரும் சொல்ல முடியாது. குழு கேட்டால் காட்ட அந்த போனையும் மாற்றாமல் வைத்திருங்கள். பல்கலைக்கழக மின்னஞ்சல் கணக்கு ஒருநாள் முடக்கப்படலாம், அதனால் உங்களுக்கு வந்ததும் நீங்கள் அனுப்பியதும் வெளியே ஒரு பிரதியாக இருக்கட்டும். ஆய்வகத் தரவுகளையோ மற்றவர்களின் கோப்புகளையோ எடுத்துச் செல்லாதீர்கள். அது உங்கள் மேலேயே புகாராகத் திரும்பும்.

ரகசியமாகக் குரல் பதிவு செய்யலாமா?

நான் பரிந்துரைக்க மாட்டேன். என்ன பேசினார் என்பதை விட்டுவிட்டு, எப்படிப் பதிவு செய்தாய் என்பதே விசாரணையாகிவிடுகிறது. மின்னஞ்சலும் சாட்சிகளும் போதும்.

"இந்த முறை முன்னேற்றம் இல்லை என்று எழுதிப் பதிவை ரத்து செய்ய வைப்பேன்" என்று மிரட்டுகிறார். அவரால் முடியுமா?

தனியாக முடியாது. யுஜிசியின் 2022 பிஎச்.டி. ஒழுங்குமுறைப்படி, ஆய்வு ஆலோசனைக் குழு முன்னால் ஒவ்வொரு செமஸ்டரும் நீங்கள் முன்னேற்றத்தைச் சமர்ப்பிக்க வேண்டும். பல இடங்களில் இதை டாக்டரல் கமிட்டி என்பார்கள். முன்னேற்றம் திருப்தியில்லை என்றால் குழு அதற்கான காரணங்களைப் பதிவு செய்து, என்ன திருத்தம் வேண்டும் என்று சொல்ல வேண்டும். அதையும் நீங்கள் செய்யாமல் விட்டால்தான், குறிப்பிட்ட காரணங்களோடு ரத்துக்குப் பரிந்துரைக்கலாம்.

அதனால் இந்தக் கூட்டத்தைத் தவற விடாதீர்கள். முன்னேற்ற அறிக்கையில், "அத்தியாயம் 3 ஜூன் 3 அன்று நெறியாளருக்கு அனுப்பப்பட்டது, கருத்து எதிர்பார்க்கப்படுகிறது" என்று ஒரே வரி எழுதுங்கள். கோபம் வேண்டாம், தேதி போதும். தாமதம் யார் பக்கம் என்பது பல்கலைக்கழகக் கோப்பிலேயே ஏறிவிடும். கூட்டக் குறிப்பின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அரசுப் பல்கலைக்கழகம் தர மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும்.

துறைத் தலைவர் என் கைடின் நெருங்கிய நண்பர். அவரிடம் போகாமல் புகார் செய்ய முடியுமா?

முடியும். யுஜிசியின் 2023 மாணவர் குறைதீர் ஒழுங்குமுறை, மாணவரைத் துன்புறுத்துவதையும் பழிவாங்குவதையும் குறை என்றே வரையறுத்திருக்கிறது. ஒவ்வொரு நிறுவனத்திலும் பேராசிரியர் ஒருவர் தலைமையில் குறைதீர் குழு இருக்க வேண்டும், இணையவழியாகப் புகார் தரவும் வசதி இருக்க வேண்டும். அங்கே நேரடியாகக் கொடுங்கள், புகார் எண்ணையும் சேமித்து வையுங்கள். குழு உறுப்பினர்களில் கைடின் நண்பர் இருந்தால், அவர் இந்த விசாரணையிலிருந்து விலக வேண்டும் என்று புகாரிலேயே கேளுங்கள்.

புகார் இரண்டு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். நீளமாக எழுதியவர்களின் முக்கியமான சம்பவமே ஏழாம் பக்கத்தில் புதைந்து கிடந்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன். மேலே கேட்ட மாணவியின் புகார் எப்படி இருக்கலாம் என்றால், முதல் பத்தியில் யார், எந்தத் துறை, எந்த ஆண்டு பதிவு. பிறகு கனமான நான்கைந்து சம்பவங்கள் தேதி வரிசையில், ஒவ்வொன்றுக்கும் இணைப்பு எண். கடைசியில் உங்களுக்கு என்ன வேண்டும் என்பது: "நெறியாளரை மாற்ற வேண்டும், இதுவரை செய்த வேலையின் தரவுகளைப் பயன்படுத்த அனுமதி வேண்டும், அத்தியாயத்தை வேறொருவர் படிக்க வேண்டும்." பெரும்பாலானவர்கள் விட்டுவிடுவது இந்தக் கடைசிப் பகுதியைத்தான். "நடவடிக்கை எடுக்கவும்" என்று மட்டும் முடித்தால், குழு கைடை அழைத்து அறிவுரை சொல்லி அனுப்பிவிடும், நீங்கள் அதே ஆய்வகத்துக்குத் திரும்ப வேண்டியிருக்கும்.

குழு கூடுமானவரை 15 வேலை நாட்களுக்குள் பரிந்துரையோடு அறிக்கை தர வேண்டும். முடிவு திருப்தியில்லை என்றால் அது கிடைத்த 15 நாளுக்குள், ஆம்பட்ஸ்பர்சன் எனப்படும் குறைதீர் அதிகாரியிடம் மேல்முறையீடு செய்யலாம். இந்த 15 நாள் கெடுவைத்தான் நிறையப் பேர் தவற விடுகிறார்கள். அவர் 30 நாளுக்குள் தீர்க்க முயல வேண்டும்.

பாலியல் துன்புறுத்தல் என்றால் வழி வேறு. உள்ளகப் புகார்க் குழுவுக்குப் போக வேண்டும், பொதுவாகச் சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள். சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினால் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் குழுவோடு நிற்காமல் காவல் நிலையத்திலும் புகார் தரலாம்.

என் அத்தியாயத்தில் பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மை. "இது ஆய்வே இல்லை" என்று எழுதியிருக்கிறார். இதுவும் துன்புறுத்தலா?

வேலையைப் பற்றிய கடுமையான விமர்சனம் அதுவாகவே துன்புறுத்தல் ஆகாது. அவர் படித்திருக்கிறார், எங்கே தவறு என்று குறித்திருக்கிறார். அதை வைத்து நீங்கள் திருத்த முடியும். விமர்சனம் வேலையை விட்டு ஆளின் மேல் திரும்பும்போதும், திருத்தவே வழி தராமல் மாதக்கணக்கில் மறிக்கும்போதும்தான் புகாருக்கு இடம் வருகிறது. இந்த அத்தியாயத்தைப் புகாரில் சேர்க்காதீர்கள். உங்களுடைய மற்ற நியாயமான குறைகளை அது பலவீனப்படுத்திவிடும்.

என் ஆய்வகத் தோழி புகார் கொடுத்திருக்கிறாள். எனக்கும் அதே கைடுதான். சாட்சி சொல்ல பயமாக இருக்கிறது.

பார்த்ததை மட்டும் ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்திட்டுக் குழுத் தலைவரிடம் நேரடியாகக் கொடுங்கள். கைடு இருக்கும்போது பேச வேண்டாம், தனியாக விசாரிக்க வேண்டும் என்று அதிலேயே கேளுங்கள். உங்கள் அடுத்த முன்னேற்றக் கூட்டம் எப்போது என்பதையும் எழுதிவிடுங்கள். அதன் பிறகு உங்கள் அறிக்கை திடீரென்று மோசமானால், இரண்டுக்கும் உள்ள தொடர்பு குழுவின் கோப்பிலேயே இருக்கும். கைடு பழிவாங்குகிறார் என்று நீங்கள் தனிப் புகார் கொடுக்க அதுவே அடிப்படை.