வேலையில் செயல்திறனை மேம்படுத்தக் கெடு வைத்துத் தரும் திட்டமான பிஐபி-யில் எட்டாத இலக்கு வந்தால் எழுத்தில் என்ன பதில் சொல்வது?

கேள்வி: 30 நாள் பிஐபி கொடுத்திருக்காங்க. இலக்கு முடியவே முடியாதது. கையெழுத்து போடணுமா, என்ன எழுதறது?

போடலாம். ஆனால் கையெழுத்தின் பக்கத்திலேயே "பெற்றுக்கொண்டேன், உள்ளடக்கத்தை ஏற்கவில்லை" என்று எழுதித் தேதி போடுங்கள். அடியோடு மறுத்தால் "ஒத்துழைக்கவில்லை" என்று பதிவு செய்ய வாய்ப்பாகிவிடும்.

இரண்டு மூன்று நாளுக்குள் மேனேஜருக்கும் ஹெச்ஆருக்கும் சேர்த்து ஒரே மின்னஞ்சல் அனுப்புங்கள். "என்னை வெளியேற்றப் பார்க்கிறீர்கள்" என்று எழுத வேண்டாம், அது வெறும் குற்றச்சாட்டாக நின்றுவிடும். கணக்கை எழுதுங்கள். வாரம் 60 டிக்கெட் முடிக்கச் சொல்கிறார்கள், உங்களுக்கு வருவதே 38 என்றால் இப்படி:

"கடந்த 8 வாரங்களில் எனக்கு வாரத்துக்குச் சராசரியாக 38 டிக்கெட்டுகளே ஒதுக்கப்பட்டன. அத்தனையையும் முடித்தாலும் 60 வராது. மீதி 22 எங்கிருந்து வரும்? இந்த எண் எப்படிக் கணக்கிடப்பட்டது? இதே பணியில் உள்ள மற்றவர்களுக்கும் இதே இலக்கா? வெள்ளிக்கிழமைக்குள் தெரிவிக்கவும். ஒதுக்கப்படும் அனைத்தையும் தொடர்ந்து முடித்துத் தருவேன்."

அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். வேலை செய்ய மறுத்ததாக யாரும் சொல்ல முடியாமல் செய்வது அதுதான்.

வாராந்திரச் சந்திப்பு முடிந்த அன்றே, பேசியதை நாலு வரியில் எழுதி அனுப்புங்கள். நேரில் "நல்லாத்தான் போகுது" என்பார்கள், இறுதி அறிக்கையில் "முன்னேற்றம் இல்லை" என்றிருக்கும். பிஐபி கடிதத்துக்கும் உங்கள் பதில்களுக்கும் நகல் வைத்திருங்கள். வாடிக்கையாளர் விவரங்களை மட்டும் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பவே கூடாது, அதையே காரணமாக்கி உடனே நீக்கிவிடுவார்கள்.