எட்டு சதவீதம் குறைக்க முடியாது என்று எழுதிய கடிதம்

கேள்வி: சின்னதாக உணவுப் பொருள் தயாரித்து ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட்டுக்குக் கொடுக்கிறேன். சப்ளை விலையைக் குறைக்கச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. கட்டுப்படியாகாது. உறவு கெடாமல் மறுத்து எப்படி எழுதுவது?

மதுரை ஜெய்ஹிந்த்புரத்தில் அப்பளம் போடுகிறோம். எனக்கும் இதே மாதிரி ஒரு கடிதம் வந்தது. அந்த நிறுவனத்தின் பெயர் வேண்டாம். மாதம் 10,000 பாக்கெட் எடுப்பவர்கள், 200 கிராம் பாக்கெட்டுக்கு 48 ரூபாய் தருபவர்கள். "ஒன்றாம் தேதி முதல் 8 சதவீதம் குறைவு, பதிலுக்கு ஆர்டர் இரண்டு மடங்கு" என்று எழுதியிருந்தார்கள்.

இரண்டு மடங்கு என்றதும் எனக்கே சபலம் தட்டியது. பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்ட பிறகுதான் தெளிந்தது. நீங்களும் கடிதத்தை அப்புறம் எழுதுங்கள், முதலில் கணக்கைப் போடுங்கள்.

ஒரு பாக்கெட்டுக்கு உளுந்து மாவு 25 ரூபாய். தேய்க்கிற, காயவைக்கிற கூலி 8. கவரும் அட்டைப்பெட்டியும் 4. உப்பு, அப்பளக்காரம், எண்ணெய், மேல்மாவு எல்லாம் சேர்த்து ஒன்றரை. உடைசல் 1. வாடகை, கரண்ட், வண்டி மூன்றரை. ஆக 43. கையில் 5 ரூபாய் நிற்கிற மாதிரி தெரியும், ஆனால் நிற்பதில்லை. பணம் 60 நாள் கழித்து வருகிறது. அதுவரை பேங்க் ஓவர்டிராஃப்டில் 12 சதவீத வட்டிக்கு ஓட்டுகிறேன், அதில் 95 பைசா போகிறது. ரிட்டர்ன் என்று 2 சதவீதம் டெபிட் நோட் போட்டுக் கழிக்கிறார்கள், அது 96 பைசா. உண்மையான லாபம் 3 ரூபாய் 9 பைசா. அவர்கள் கேட்கிற 8 சதவீதம் 3 ரூபாய் 84 பைசா. விஷயம் அங்கேயே முடிந்தது.

"வால்யூம் கூடினா உங்க செலவு குறையும் சார்" என்றார் பர்ச்சேஸ் மேனேஜர். அதையும் அவர் பக்கம் நின்றே பார்த்தேன். கூடுதல் 10,000 பாக்கெட்டுக்கு வாடகையும் கரண்டும் வண்டியும் ஒரு பைசாகூட ஏறவில்லை என்றே வையுங்கள். மாதம் 35,000 ரூபாய் மிச்சம். ஆனால் 20,000 பாக்கெட்டிலும் தலைக்கு 75 பைசா நஷ்டம், அது 15,000. மீதி 20,000 ரூபாய். இப்போது பாதி வேலைக்கு எனக்குக் கிடைப்பதோ ஏறக்குறைய 31,000. வேலை இரட்டிப்பு, லாபம் மூன்றில் ஒரு பங்கு காலி. வெளியே நிற்கிற பணமும் ஒன்பதரை லட்சத்திலிருந்து பதினேழரை லட்சத்துக்கு மேல் போய்விடும்.

காயப்போடுகிற இடத்தை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. மதினிதான் கேட்டார்: "தம்பி, ஐப்பசி மழைல இருக்கிறதையே காயவைக்க முடியல, இன்னொரு மொட்டமாடிக்கு எங்க போறது?" தீபாவளி ஆர்டர் கூடுவதும் வெயில் குறைவதும் இங்கே ஒரே நேரத்தில்தான்.

பிறகு கடிதம். தலைமை அலுவலகத்துக்கு ஆங்கிலத்தில் போனது. தமிழில் இப்படி இருக்கும்:

"ஐயா, தங்கள் கடிதம் கிடைத்தது. 200 கிராம் உளுந்து அப்பளத்தை 48 ரூபாய்க்குக் குறைவாக, இப்போதைய நிபந்தனைகளில் எங்களால் தர இயலாது. இந்த விலையை அடுத்த ஆறு மாதத்துக்கு உயர்த்த மாட்டோம்.

தங்கள் கொள்முதல் செலவு குறைய இரண்டு வழிகள் உண்டு. பில் தேதியிலிருந்து 15 நாளில் பணம் வந்தால் பாக்கெட்டுக்கு 70 பைசா குறைக்கிறோம். சரக்கை இறக்கும்போதே சரிபார்த்து, அதன்பின் ரிட்டர்ன் இல்லை என்று ஒப்புக்கொண்டால் 90 பைசா குறைக்கிறோம். இரண்டையும் ஏற்றால் விலை 46 ரூபாய் 40 பைசா.

கையிலுள்ள ஆர்டர்கள் பழைய விலையில் உரிய தேதியில் வந்து சேரும். இம்மாதம் 25ஆம் தேதிக்குள் தங்கள் முடிவைத் தெரிவித்தால் அடுத்த மாத மாவுக்கு ஏற்பாடு செய்ய வசதியாக இருக்கும்."

அவ்வளவுதான், அரைப் பக்கம். முடியாது என்பது இரண்டாவது வாக்கியத்திலேயே வந்துவிடுகிறது, கவனியுங்கள். "மிகுந்த வருத்தத்துடன்", "தற்போதைய சூழ்நிலையில்" என்று சுற்றி வளைத்தால் பேரத்துக்குக் கதவு திறந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்வார்கள். 70 பைசாவும் 90 பைசாவும் தானமில்லை. 45 நாள் முன்னால் பணம் வந்தால் எனக்கு வட்டியில் 71 பைசா மிச்சம், ரிட்டர்ன் நின்றால் 96 பைசா மிச்சம். என் பையிலிருந்து எதுவும் போகாமல் பர்ச்சேஸ் மேனேஜருக்கு 3.3 சதவீதம் குறைவு கிடைக்கிறது. அவரும் மேலிடத்தில் காட்ட ஒரு எண் வேண்டுமல்லவா?

செலவுக் கணக்கை மட்டும் கடிதத்தில் வைக்காதீர்கள். என் முதல் வரைவில் வைத்திருந்தேன், ஆடிட்டர் அடித்துவிட்டார். கணக்கைக் காட்டினால் விலையைப் பற்றிய பேச்சு, உங்கள் கூலி ஏன் 8 என்கிற பேச்சாக மாறிவிடும். உளுந்து இறங்குகிற மாதம் அதே தாளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

போனில் இன்னொரு யோசனையும் வந்தது, மாவுக் கலவையைக் கொஞ்சம் மாற்றலாமே என்று. உளுந்தைக் குறைத்து வேறு மாவைக் கூட்டினால் அப்பளம் எண்ணெயில் விரிந்து பொரியாது, கடிக்கும்போது கடுக்கென்று இருக்கும். பாக்கெட்டில் அச்சிட்ட சேர்மானத்தையும் மாற்றியாக வேண்டும். இதற்குக் கடிதத்தில் பதிலே எழுதவில்லை, போனிலேயே முடித்துக்கொண்டேன்.

சட்டத்தையும் அந்தக் கடிதத்தில் இழுக்கவில்லை. ஆனால் தெரிந்து வைத்திருங்கள். 2006ஆம் ஆண்டின் சிறு குறு நடுத்தரத் தொழில் சட்டப்படி, உத்யம் பதிவுள்ள குறு, சிறு உற்பத்தியாளருக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்தக் கூடாது, ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். 60 நாள் என்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தாலும் அது செல்லாது. 2023-24 நிதியாண்டிலிருந்து, இந்தக் கெடு தாண்டி நிற்கிற பாக்கியை, பணம் கொடுக்கும் வருடம் வரை வாங்கியவர் வருமான வரியில் செலவாகக் காட்ட முடியாது. அதனால் பில்லில் உத்யம் எண்ணைப் பெரிதாக அச்சடித்துவிட்டேன். அதைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர்கள் கணக்குப் பிரிவுக்கு அது போதும்.

ஒரு எச்சரிக்கை. அந்தக் கடை என் விற்பனையில் மூன்றில் ஒரு பங்குதான். உங்களுக்குப் பாதிக்கு மேல் அவர்களே என்றால் இந்தக் கடிதத்தை இப்போதே அனுப்பாதீர்கள். இரண்டு மாதம் அவகாசம் கேளுங்கள், அதற்குள் வேறு கடைகளைப் பிடியுங்கள், பிறகு எழுதுங்கள்.

எனக்குப் பதில் வர பதினொரு நாள் ஆனது. ரிட்டர்ன் யோசனையை ஏற்றார்கள், 15 நாளை ஏற்கவில்லை, 45 நாள் என்றார்கள். ஆர்டர் 7,000 ஆகக் குறைந்தது. மீதி 3,000 பாக்கெட்டைக் கீழமாசி வீதி மொத்தக் கடைகளுக்கு 46 ரூபாய்க்குப் போடுகிறேன். அங்கே ரிட்டர்ன் கிடையாது, சனிக்கிழமை சனிக்கிழமை பணம் வந்துவிடுகிறது.