குளக்கட்டுத் திட்டமும் மூன்று பட்டியல்களும்

அண்ணா வணக்கம்,

ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு கிராமிய அமைப்பில் திட்ட உத்தியோகத்தராக வேலை செய்கிறேன். சின்னக் குளமொன்றின் கட்டையும் துருசையும் திருத்துவதற்குத் திட்டம் எழுதுகிறேன். நிதி தருபவர்களின் படிவத்தில் எடுகோள்கள், மட்டுப்பாடுகள், தங்கியிருத்தல்கள் என்று மூன்று அட்டவணைகள் இருக்கின்றன. எதை எழுதினாலும் மூன்றிலும் போடலாம் போலிருக்கிறது. "மழைக்கு முன் முடிக்க வேண்டும்" என்பதை எதில் போடுவது? எல்லாமே எங்கள் கையில் இல்லாத விடயங்கள்தானே, ஒரே பட்டியலாக எழுதினால் என்ன?

— ஒரு வாசகி, முல்லைத்தீவு மாவட்டம்

அன்பின் தங்கைக்கு,

வன்னியில் தொண்டு நிறுவனங்களோடு வேலை செய்த பலரும் திட்டம் எழுதப் பழகியது லொக்ஃபிரேம் அட்டவணையில். 1969இல் அமெரிக்க உதவி நிறுவனமான யுஎஸ்எய்டுக்காக உருவாக்கப்பட்டது அது. அதன் நான்காவது நிரலுக்கு எடுகோள்கள் என்று பெயர். திட்டத்துக்கு வெளியே இருந்து திட்டத்தைப் பாதிக்கக்கூடிய எல்லாம் அந்த நிரலுக்குள் போகும். இந்தத் திட்டத்துக்குப் பணம் போடலாமா என்று முடிவெடுப்பவருக்கு அந்த நிரல் போதும். திட்டம் தொடங்கிய பிறகு ஒவ்வொரு கிழமையும் யார் எங்கே போக வேண்டும், யாரோடு கதைக்க வேண்டும் என்பது அதிலிருந்து தெரியாது. "கையில் இல்லாதவை" என்ற உங்கள் வகைப்படுத்தலும் அந்த நிரலிலிருந்து வந்ததுதான் என்று நினைக்கிறேன்.

மூன்று பட்டியல்களையும் பிரிப்பது அவற்றால் உங்களுக்கு வரும் வேலை வேறுவேறாக இருப்பதால். எடுகோள் என்பது உண்மையா என்று இன்னும் பார்க்காமல் உண்மையென்று வைத்துக்கொண்டு திட்டமிட்ட ஒன்று. அதைக் குறித்த நாளுக்குள் போய்ப் பார்த்துவிட வேண்டும். மட்டுப்பாடு உண்மையென்று ஏற்கெனவே தெரிந்தது, அதைச் சரிபார்க்க ஒன்றுமில்லை. அதற்குள் அடங்கும்படி வேலையை வடிவமைக்க வேண்டும், முடியாவிட்டால் அதைத் தளர்த்த அதிகாரம் உள்ளவரிடம் கேட்க வேண்டும். தங்கியிருத்தல் என்பது இன்னொருவர் செய்து தர வேண்டியது. அவரோடு நாள் பேசி, ஒப்புக்கொள்ள வைத்து, பின்தொடர வேண்டும். ஒரே பட்டியலில் போட்டால் இந்த மூன்று வேலைகளும் "கண்காணிக்கப்படும்" என்ற ஒரே சொல்லுக்குள் போய்விடும். கண்காணிக்கப்படும் என்று எழுதியதை யாரும் கண்காணித்து நான் கண்டதில்லை.

உங்கள் மழை வரியையே எடுப்போம். காலபோகத்துக்குக் குளம் தண்ணீர் பிடிக்க வேண்டும், அதனால் ஒக்ரோபர் 10க்குள் கட்டு மூடியிருக்க வேண்டும் என்று பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் முடிவானால் அது மட்டுப்பாடு. அதை மாற்றுவதென்றால் கமக்காரர்கள் மறுபடி கூட வேண்டும். அந்த நாள் வரை பெருமழை வராது என்பது எடுகோள். முன்கூட்டியே சரிபார்க்க முடியாத எடுகோள் என்பதால் அது ஆபத்துப் பட்டியலுக்கும் போக வேண்டும். செப்டம்பர் கடைசியில் இடிமழை தொடங்கினால் வெட்டிய கட்டை எப்படிக் காப்பது என்று அங்கே எழுதுங்கள். மூன்றாவதாக, சிறுபோகத்துக்குக் கடைசித் தண்ணீர் விட்டு, குறித்த நாளில் துருசைப் பூட்டிக் குளத்தை உங்களிடம் தருவது கமக்காரர் அமைப்பு. அது தங்கியிருத்தல். மூன்று அட்டவணைகளிலும் போடலாம் போலத் தோன்றியதற்குக் காரணம், அந்த வரிக்குள் மூன்று விடயங்கள் இருப்பதுதான். பிரித்து எழுதுங்கள், ஒவ்வொன்றுக்கும் இடம் தானே தெரியும்.

இனி மண். குளக்கட்டு வேலையில் திட்டத்தைக் கவிழ்ப்பது பெரும்பாலும் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கட்டை உயர்த்தவும் அகலப்படுத்தவும் 600 கியூப் மண் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். "மண் குளத்துக்குள்ளேயே கிடைக்கும்" என்று எல்லாத் திட்டங்களிலும் ஒரு வரி இருக்கும். அது எடுகோள். மணல் கூடிய மண்ணாக இருந்தால் எவ்வளவு ரோலர் ஓட்டினாலும் கட்டு கசியும். மண் நல்லதாகவே இருந்தாலும் கட்டின் அடியை ஒட்டி அள்ளக்கூடாது. அங்கே தண்ணீரைத் தடுத்து வைத்திருக்கும் களிப்படை மெலிந்துபோய் அடியால் கசிவு தொடங்கும். ஆகவே கட்டிலிருந்து தள்ளி, அலைகரைப் பக்கம் போதிய மண் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

கணக்கைப் பாருங்கள். டிப்பருக்கு 3 கியூப் என்றால் 200 லோட். குளத்துக்குள்ளேயே அள்ளினால் இரண்டு டிப்பர்கள் நாளுக்குப் பத்துப் பத்து லோட் அடிக்கும், 10 நாளில் மண் முடியும். 15 கிலோமீற்றர் தள்ளி இருந்து ஏற்றினால் ஒரு டிப்பர் நாளுக்கு நான்கு லோட்தான் அடிக்கும், 25 நாள் வேண்டும். ஓகஸ்ட் 25இல் குளம் கைக்கு வந்தால் ஒக்ரோபர் 10 வரை 46 நாள் இருக்கிறது. 25 நாளும் அதற்குள் அடங்கும். நாள் போவது டிப்பரில் அல்ல. வெளியில் மண் எடுக்கச் சுரங்கப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும், காணி வனவளத் திணைக்களத்துக்குரியதாக இருந்தால் அவர்களுடைய அனுமதியும் வேண்டும். இதற்கு ஆறு கிழமை என்று வையுங்கள். மண் சரியில்லை என்பதை ஓகஸ்ட் 25இல், இயந்திரம் இறங்கிய பிறகு கண்டுபிடித்தால் அனுமதி கைக்கு வருவது ஒக்ரோபர் 6. கட்டு மூட மிச்சம் நான்கு நாள்.

அதனால்தான் எடுகோள் அட்டவணையில் "சரிபார்க்கும் கடைசி நாள்" என்று ஒரு நிரல் இருக்க வேண்டும். அந்த நாளைப் பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். ஓகஸ்ட் 25இலிருந்து ஆறு கிழமை பின்னே போனால் ஜூலை 14. மண்பரிசோதனை முடிவு வர இரண்டு கிழமை எடுக்கும் என்றால் குழி தோண்ட வேண்டிய நாள் ஜூன் 30. அப்போது குளத்தில் சிறுபோகத் தண்ணீர் நிற்கும்தான், ஆனால் அலைகரையில் தண்ணீர் இறங்கிய இடங்களில் மாதிரிக் குழி வெட்டலாம். பொதுப் பட்டியலில் கிடந்திருந்தால் இந்த ஜூன் 30 யாருக்கும் தெரிய வந்திராது.

பரிசோதனையில் மண் சரியில்லை என்று வந்தால் என்ன நடக்கிறது என்பதையும் கவனியுங்கள். அந்த எடுகோள் அங்கேயே முடிகிறது. அதன் இடத்தில் தங்கியிருத்தல் பட்டியலில் ஒரு புது வரி வருகிறது, அனுமதிப்பத்திரம். ஏற்றுகூலி கூடுவதால் நிதித் தொகை என்ற மட்டுப்பாட்டில் போய் முட்டுகிறது, உயரத்தைக் குறைப்பதா கூடுதல் பணம் கேட்பதா என்று முடிவெடுக்க வேண்டி வருகிறது. தனித்தனியாக எழுதியிருந்தால்தான் ஒன்று மற்றதாக மாறும் இந்தக் கணம் கண்ணில் படும். எந்த நாளில், யாரிடம் இருந்த விடயம் யாரிடம் போனது என்று காட்டவும் முடியும்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வெளியில் மண் எடுக்கும் காணி கண்ணிவெடி அகற்றி முடித்த காணி என்பதை எடுகோள் பட்டியலில் ஒருபோதும் எழுதாதீர்கள். எங்கள் மாவட்டங்களில் அது எழுத்தில் கைக்கு வர வேண்டிய தங்கியிருத்தல். அந்த உறுதிப்படுத்தல் வராமல் பெக்கோ அந்தக் காணிக்குள் இறங்கக்கூடாது. சனம் மாடு மேய்க்கிற இடம்தானே என்பது உறுதிப்படுத்தல் ஆகாது.

தங்கியிருத்தல் அட்டவணையில் இரண்டு நாள்கள் வேண்டும். ஒன்று உங்களுக்குத் தேவையான நாள், மற்றது தருபவர் ஒப்புக்கொண்ட நாள். உங்கள் குளம் 80 ஹெக்டேயருக்குக் குறைவாகப் பாய்ச்சுகிற சிறு குளமாக இருந்தால் அது கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் வரும். துருசின் வரைபடத்தையும் மதிப்பீட்டையும் அவர்களுடைய தொழில்நுட்ப உத்தியோகத்தர் பார்த்துத் தர வேண்டியிருக்கும். ஜூலை 20இல் தேவை என்று நீங்கள் எழுதலாம். அவர் எந்த நாளைச் சொன்னார்? அந்த நிரல் வெறுமையாக இருந்தால் உங்களிடம் இருப்பது தங்கியிருத்தல் அல்ல, "அவர் நேரத்துக்குத் தருவார்" என்ற இன்னொரு எடுகோள். வரைபடம் வருவது தங்கியிருத்தல், அது வரும் நாள் பெரும்பாலும் எடுகோள். அவர் ஓகஸ்ட் 5 என்று சொன்னால் பதினாறு நாள் இடைவெளி இருக்கிறது என்பது ஜூன் மாதத்திலேயே தெரிந்துவிடும். அப்போது அவரைக் கண்டு கதைக்கலாம், அல்லது கட்டு வேலையை முதலில் தொடங்குவதாக ஒழுங்கை மாற்றலாம்.

மட்டுப்பாட்டு அட்டவணையில் வரும் பிழை வேறு விதமானது. நிதியை டிசம்பர் 31க்குள் செலவழிக்க வேண்டும் என்பது ஒப்பந்தத்தில் இருந்தால் உண்மையான மட்டுப்பாடு. "பெக்கோ ஒன்றுதான் கிடைக்கும்" என்று எழுதினால் யார் அப்படிச் சொன்னது என்று கேளுங்கள். பக்கத்துக் கூட்டுறவுச் சங்கத்திடம் ஒருவரும் கேட்காமலே அது மட்டுப்பாடாகி இருக்கலாம். சோதிக்காத எடுகோள் மட்டுப்பாடு என்ற பெயரில் உட்கார்ந்துவிட்டால் எல்லோரும் அதற்குத் தலைவணங்கி வேலையைச் சுருக்கிக்கொள்வார்கள், மறுபடி யாரும் கேட்கமாட்டார்கள். அதனால் ஒவ்வொரு மட்டுப்பாட்டுக்கும் பக்கத்தில் அது எங்கிருந்து வருகிறது என்று எழுதுங்கள். ஒப்பந்தமா, கூட்டத் தீர்மானமா, சட்டமா? எழுத முடியாததை எடுகோள் பட்டியலுக்கு அனுப்புங்கள்.

துருசுக் கொங்கிறீற்றுக்குத் தண்ணீர் விட்டு ஏழு நாளாவது பதப்படுத்திய பிறகே மண் மூட வேண்டும் என்பது போன்றவை இந்த மூன்றிலும் சேராது. அது உங்கள் சொந்த வேலைகளுக்குள் உள்ள ஒழுங்கு, கால அட்டவணையில் இருந்தால் போதும். தங்கியிருத்தல் பட்டியல் வெளியாரிடமிருந்து வருவதற்கு மட்டும்.

ஒரு சின்னக் குளத்துக்கு மூன்று தனித்தாள் தேவையில்லை. ஒரே தாளில் வகை என்று ஒரு நிரல் வைத்தாலும் சரிதான், வகைக்கேற்ற மற்ற நிரல்கள் நிரம்பியிருந்தால். எழுதி முடித்ததும் பொறுப்பாளர் நிரலைப் பாருங்கள். எல்லா வரியிலும் "திட்ட உத்தியோகத்தர்" என்று உங்கள் பதவியே இருந்தால் பிரிப்பு இன்னும் நடக்கவில்லை. மண் குழிக்கு ஒருவர், நிதி எல்லைக்குக் கையொப்பமிடும் ஒருவர், துருசைப் பூட்டும் நாளுக்குக் கமக்காரர் அமைப்பின் செயலாளர் என்று பெயர்கள் வேறுபட வேண்டும். பிழையானாலும் நாளையோ பணத்தையோ வடிவமைப்பையோ மாற்றாத எடுகோள்களை எடுத்துவிடுங்கள். ஐந்தாறு மிஞ்சினால் அதுவே நிறைய. நிதி தருபவர்களின் லொக்ஃபிரேமை அப்படியே விடுங்கள். அதன் நான்காவது நிரலில் உள்ள ஒவ்வொரு வரியையும் எடுத்து, உங்கள் மூன்றில் எதற்குப் போகிறது என்று இந்தக் கிழமையே பிரித்துப் பாருங்கள். ஜூன் 30க்கு முன் மண் குழிக்கு ஆள் பிடிக்க வேண்டும்.

அன்புடன்,
அண்ணா