டாவ் ஒரே வாரத்தில் அவ்வளவு தூரம் போகாது

கேள்வி: அம்மாவுக்கு அல்சைமர். மூளையில் அமிலாய்டு படிவு, டாவ் முடிச்சு என்கிறார்கள். இவை எப்படிப் பரவுகின்றன? சில மாதம் ஒரே மாதிரி இருந்துவிட்டு, திடீரென்று ஒரு படி இறங்கிவிடுகிறாரே, அது ஏன்?

பதில்:

முதலில் ஒன்று. அம்மா இறங்கியது சில நாட்களுக்குள் என்றால், இந்தப் பதிலை அப்புறம் படித்துக்கொள்ளுங்கள். காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், புதிதாகத் தொடங்கிய மாத்திரை, எங்காவது விழுந்து தலையில் அடி என்று எதாவது உண்டா என இன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

நான் மருத்துவன் இல்லை. அப்பாவை வீட்டில் வைத்துப் பார்த்தவன். பார்த்ததற்குக் காரணம் தேடிப் படித்தவன், நரம்பியல் மருத்துவரைக் கேட்டுக் கேட்டுச் சலிக்க வைத்தவன். "அரைகுறையாகப் படித்துவிட்டு எழுத வந்துவிட்டான்" என்று சொல்லப் போகிறவர்கள், நான் எழுதியதில் எது தவறு என்று குறிப்பாகச் சொன்னால் திருத்திக்கொள்கிறேன்.

அமிலாய்டு, டாவ் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிப் பழகிவிட்டதால், இரண்டும் ஒரே இடத்தில் தோன்றி ஒன்றாகப் பரவுகின்றன என்று நினைக்கத் தோன்றும். அப்படி இல்லை. அமிலாய்டு நரம்பணுக்களுக்கு வெளியே படிகிறது, அதுவும் மூளையின் மேற்புறணியில் பல இடங்களில் ஏறக்குறைய ஒரே காலத்தில். பிறகுதான் உள்ளே இருக்கும் பகுதிகளுக்கும், கடைசியாகச் சிறுமூளைக்கும் போகிறது. டாவ் அணுவுக்கு உள்ளே இருக்கும் புரதம். அணுவின் நீண்ட இழைக்குள் சரக்கு போய்வரும் நுண்குழாய்களைப் பிடித்து நிறுத்துவது அதன் வேலை. அது உருமாறிக் கழன்று, ஒன்றோடொன்று ஒட்டி முறுக்கிக்கொண்டால் முடிச்சு. இந்த முடிச்சுகள் புறணியில் முதலில் தெரிவது பொட்டுக்கு உட்புறம், எண்டோரைனல் புறணி என்னும் சின்னப் பகுதியில். அங்கிருந்து புது நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ், பிறகு பக்கவாட்டு மடல், பிறகு உச்சிமடலும் முன்மடலும். பார்வையையும் கைகால் அசைவையும் நேரடியாக நடத்தும் பகுதிகளுக்குக் கடைசியில்தான் போகும். ஹைகோ பிராக், ஈவா பிராக் என்ற ஜெர்மானியத் தம்பதி, இறந்தவர்களின் மூளைகளை வரிசைப்படுத்திப் பார்த்து 1991இல் இதை ஆறு நிலைகளாகப் பிரித்தார்கள். இன்றும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

டாவ் பக்கத்து வீட்டுக்குப் போவதுபோலப் பக்கத்து அணுவுக்குப் போவதில்லை, இணைப்பு எங்கே இருக்கிறதோ அங்கே போகிறது. எண்டோரைனல் புறணியில் மட்டும் மனித டாவை உருவாக்கும்படி வளர்த்த எலிகளில், அந்த அணுக்களின் இழைகள் போய் முடியும் அடுத்த பகுதியிலும் அதே டாவ் தெரிந்தது. 2012இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே இதைக் காட்டின. உருமாறிய டாவ் ஒரு துணுக்கு அடுத்த அணுவுக்குள் போனால், அங்கே இருக்கும் நல்ல டாவையும் தன் வடிவத்துக்கு மாற்றிவிடுகிறது.

அப்படியென்றால் அமிலாய்டுக்கு என்ன வேலை? வயதான பலருக்கும் எண்டோரைனல் பகுதியில் கொஞ்சம் டாவ் முடிச்சு இருக்கும். அமிலாய்டு இல்லாதவர்களிடம் அது பெரும்பாலும் அந்த வட்டாரத்திலேயே நின்றுவிடுகிறது. அமிலாய்டு சேர்ந்தவர்களிடம்தான் அது எல்லை தாண்டி மேற்புறணிக்குப் பரவுகிறது. எந்த வழியாக அமிலாய்டு இதைச் செய்கிறது என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் ஒத்த கருத்து இல்லை. ஆனால் நோயாளி எந்த அளவுக்குத் தடுமாறுகிறார் என்பதோடு ஒத்துப்போவது டாவ்தான். அமிலாய்டு அறிகுறிக்குப் பதினைந்து, இருபது வருடம் முன்பே சேரத் தொடங்கி, மறதி வெளியே தெரியும் நேரத்தில் உச்சத்தை நெருங்கியிருக்கும். அதனால்தான் ஸ்கேனில் அமிலாய்டு நிறையத் தெரிந்தும் தெளிவாகப் பேசிக்கொண்டிருக்கும் முதியவர்கள் இருக்கிறார்கள்.

இனி அப்பா. அவர் தையல்காரர். டாவ் போகும் பாதை எனக்குப் புரிந்ததே அவருடைய கையைப் பார்த்துத்தான். முதலில் போனது புது நினைவு: யாருடைய சட்டையை வெட்டிக்கொண்டிருக்கிறார் என்று திரும்பத் திரும்பக் கேட்பார், ஆனால் வெட்டு பிசகாது. அப்புறம் சொற்கள்; "காஜா" என்று சொல்ல வராமல் பொத்தான் நுழைவதுபோல விரலால் காட்டுவார். அதற்கும் பிறகு ஒரு நாள், சட்டையின் கையை உடலோடு பொருத்தும்போது வலது கையை இடது பக்கம் வைத்துக் குண்டூசி குத்தினார். ஏதோ சரியில்லை என்று தெரிகிறது, எது என்று தெரியவில்லை. பிரிப்பார், அதே பக்கத்தில் திரும்ப வைப்பார். பொருளின் பக்கமும் திசையும் பொருந்துவதை உச்சிமடல் பார்த்துக்கொள்கிறது. ஆனால் அதே வாரம் துணியைக் கையில் கொடுத்து மிஷினில் உட்கார வைத்தால், மிதி ஒரே சீராக ஓடும், தையல் நூல் பிடித்ததுபோல நேராக இருக்கும். கைகால் அசைவுக்கான பகுதிகளும், பழகிய வேலையை வைத்திருக்கும் ஆழ்ந்த பகுதிகளும் அவ்வளவு தூரம் கெட்டிருக்கவில்லை.

இதில் "திடீர்" எங்கே வந்தது? வலது கை இடது பக்கம் போனது எங்களுக்கு ஒரே நாளில் நடந்ததுதான். ஆனால் உச்சிமடலில் டாவ் அந்த நாளில் வரவில்லை. உயிரோடு இருப்பவர்களின் ஸ்கேன்களையும் இறந்தவர்களின் மூளைகளையும் வைத்து 2021இல் வெளியான ஓர் ஆய்வு, மேற்புறணியில் டாவ் இரட்டிப்பாக ஏறக்குறைய ஐந்து வருடம் ஆகிறது என்று கணக்கிட்டது. அந்தக் கட்டத்தில் டாவ் துணுக்குகள் ஏற்கெனவே எங்கும் சிதறியிருக்கின்றன. புதிய இடத்துக்குப் போவதைவிட இருந்த இடத்தில் பெருகுவதே வேகத்தைத் தீர்மானிக்கிறது என்றும் சொன்னது. இவ்வளவு மெதுவான ஒன்று ஒரு வாரத்தில் யாரையும் கவிழ்க்காது. துணி சீராக நைந்துகொண்டேதான் வரும், கிழிவது ஒரு நாளில். மீதி இருக்கும் இணைப்புகளை வைத்து மூளை சமாளித்துக்கொண்டே வருகிறது. ஒரு வேலைக்குத் தேவையான அளவுக்குக் கீழே அது போகும்போது அந்த வேலை நின்றுவிடுகிறது. நாம் பார்ப்பது அந்த நாளை மட்டும்தான். இப்படி வரும் படிகள் ஒரு நேரத்தில் ஒரு திறமையைத் தொடும், மற்றவை அப்படியே இருக்கும், ஆள் விழிப்பாக இருப்பார்.

இடையில் ஒன்றைக் கொட்டிவிடுகிறேன். என் அண்ணன் வெளியூரிலிருந்து வாரம் ஒரு முறை வீடியோ அழைப்பில் வருவார். "நல்லா இருக்கியாப்பா? வேலையெல்லாம் எப்படிப் போகுது?" என்று அப்பாவும் கேட்பார், சிரிப்பார். அழைப்பு முடிந்ததும் அண்ணன் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புவார்: "நீ பெருசு பண்றே. அப்பா நல்லாத்தான் இருக்கார்." ஆயுள் முழுக்கப் பேசித் தேய்ந்த நலவிசாரிப்பு மிகவும் பிந்தித்தான் போகும். ஐந்து நிமிட அழைப்பில் அதைத் தாண்டி எதுவும் தேவைப்படாது. யாருடைய சட்டை என்று அவர் என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தது எந்த அழைப்பிலும் விழாது. சொத்து விஷயம் பேசும்போது மட்டும் அதே அண்ணனுக்கு அப்பாவின் ஞாபகசக்தி மேல் சந்தேகம் வந்துவிடும். போகட்டும்.

இப்போது இன்னொரு வகைப் படி. அப்பாவுக்கு டோனெபெசில் கொடுத்திருந்தார்கள். நினைவுக்கும் கவனத்துக்கும் வேண்டிய அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம் சிதையாமல் காக்கும் மாத்திரை அது. அந்த ரசாயனத்தை மேற்புறணிக்கு அனுப்பும் அணுக்கூட்டம் மூளையின் அடிப்பகுதியில் இருக்கிறது. டாவ் முடிச்சு அங்கே சீக்கிரமே வந்துவிடும். டோனெபெசில் சிலருக்குச் சிறுநீர்ப்பையையும் தூண்டிவிடும், அப்பாவுக்கும் அடிக்கடி போக வேண்டியதாயிற்று. வேறொரு மருத்துவர் அதற்கு ஆக்ஸிபியூட்டினின் எழுதினார். அது அசிட்டைல்கோலினைத் தடுக்கும் மருந்து, மூளைக்குள்ளும் நுழையும். ஒரு மாத்திரை ஏற்ற, இன்னொன்று இறக்க.

சில நாட்களில் அப்பா பகலெல்லாம் தூங்கி வழிந்தார், இரவில் சுவரில் யாரோ நிற்பதாகச் சொன்னார். காலையில் என்னைத் தெரிந்தது, மாலையில் தெரியவில்லை. அதற்கு முன் முப்பதுக்கு 20 வாங்கிய, நினைவையும் கவனத்தையும் அளக்கும் தேர்வில் 13 வாங்கினார். போன இடத்தில் அந்த மருத்துவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் "நோய் முற்றுகிறது, இனி இப்படித்தான்" என்றார். எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம் அதுதான். எங்கள் நரம்பியல் மருத்துவர் செய்தது ஒரே ஒரு காரியம்: கிழமைகளைப் பின்னிருந்து சொல்லச் சொன்னார். அப்பா சனி, வெள்ளி என்று தொடங்கி அங்கேயே விட்டுவிட்டு ஜன்னலைப் பார்த்தார். மறதி இருந்தும் முந்தின மாதம் அதை முழுக்கச் சொன்னவர். கவனமே நிற்காமல் நாளுக்குள் ஏறி இறங்கினால் அது டெலிரியம் என்னும் திடீர் மனக்குழப்பம், டாவ் அல்ல என்று சொல்லி, மாத்திரைப் பட்டியலைக் கேட்டார். பார்த்தால் சிறுநீரும் அடைத்துக்கொண்டிருந்தது. ஆக்ஸிபியூட்டினினை நிறுத்தி, அடைப்பை எடுத்துவிட்டார்கள். தெளிய வாரக்கணக்கில் ஆயிற்று. அடுத்த தேர்வில் 18.

ஓரிரு மதிப்பெண் இந்தத் தேர்வில் நாளுக்கு நாள் மாறக்கூடியது, ஆகவே 18ஐ வைத்து நான் கணக்குப் போட மாட்டேன். ஆனால் அந்தப் படியிலிருந்து அப்பா முழுதாக ஏறவில்லை என்பது வீட்டில் தெரிந்தது. டெலிரியம் வந்துபோன அல்சைமர் நோயாளிகள் அதன் பிறகு வேகமாக இறங்குகிறார்கள் என்று ஆய்வுகளும் சொல்கின்றன. "எப்படியும் இறங்கத்தானே போகிறார்" என்று விட்டுவிடக் கூடாது என்பது இதனால்தான்.

மூன்றாவதும் உண்டு. முதியவர்களில் பலருக்கு அல்சைமரோடு மூளையின் ரத்தக்குழாய் நோயும் சேர்ந்தே இருக்கும். ஒரு நாள் இறங்கி, ஏறி இறங்காமல் அங்கேயே நின்று, பல மாதம் கழித்து மறுபடி இறங்கினால் சிறு பக்கவாதங்களைச் சந்தேகிக்க வேண்டும். வாய் கோணல், ஒரு பக்கம் பலவீனம், பேச்சுக் குழறல் இருந்தால் தாமதிக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். இல்லாவிட்டாலும் எம்ஆர்ஐ எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். போகும்போது எந்தத் தேதியில் மாற்றம் தொடங்கியது, அதற்கு முந்தைய ஒரு மாதத்தில் எந்த மாத்திரை புதிதாக வந்தது என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். தூக்க மாத்திரை, சளி மாத்திரை, அலர்ஜி மாத்திரை எல்லாவற்றையும் சேர்த்து எழுதுங்கள். அவற்றில் பலவும் ஆக்ஸிபியூட்டினின் செய்ததையே செய்யும்.