பெட்டி எடை வீட்டுலயே பாத்துக்கிட்டு கிளம்புறது: கேள்வி பதில்

ஏர்போர்ட் செக்கின் கவுன்ட்டர்ல ஏழு வருஷம் வேலை பாத்தேன். குடும்பத்தோட வந்தவங்க பெட்டிய தரையில விரிச்சு, பின்னாடி நூறு பேர் பாக்க, புடவைய வெளில எடுத்து வச்சிக்கிட்டு நின்னத வாராவாரம் பாத்திருக்கேன். வீட்டுல ஒரு மணி நேரம் உக்காந்தா இது வராது. கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்.

கோவை அக்கா: "நாங்க மூணு பேரு சிகாகோ போறோம், ஆளுக்கு ரெண்டு பெட்டி 23 கிலோ. மொத்தம் 138 வரலாம், எங்களுது ஆறும் சேத்து 131 தான். அப்ப பிரச்சனை இல்லல்ல? ஏன் ஒவ்வொன்னா தூக்கி எடை போடணும்?"

கூட்டல் சரிதான் அக்கா, ஆனா உங்க டிக்கெட்டுக்கு அந்த கூட்டல் செல்லாது. டிக்கெட்ல பேகேஜ்னு இருக்கற இடத்துல `2PC`னு போட்டிருக்கும், அப்படின்னா கணக்கு பெட்டிக்கு. 26 கிலோ பெட்டி ஒன்னு, 20 கிலோ பெட்டி ஒன்னு வச்சா சராசரி 23 தானேன்னு கவுன்ட்டர்ல சொல்ல முடியாது, அந்த 26க்கு தனியா காசு கேப்பாங்க. தனித்தனியா எவ்வளவு வந்துச்சுன்னு கொஞ்சம் சொல்லுங்க.

கோவை அக்கா: "26.4, 24.1, 22.8, 21.0, 19.5, 17.2."

நல்லது, புதுசா எதையும் வெளில எடுக்க வேணாம், உள்ளுக்குள்ளயே மாத்திடலாம். எதுவும் 22.5ஐ தாண்டக்கூடாதுன்னு வச்சுக்குங்க, 23 வரைக்கும் இழுக்காதீங்க, காலைல கிளம்பும்போது சார்ஜரு, செருப்பு, பாட்டி குடுத்த முறுக்குன்னு எப்படியும் ஏதாவது உள்ள போகும்.

26.4லேந்து 4 கிலோ எடுக்கணும், அது போக வேண்டிய இடம் 17.2. 24.1லேந்து 1.6 எடுத்து 19.5ல வைங்க. 22.8லேந்து ஒரு 400 கிராம் 21.0க்கு மாத்துங்க. முடிஞ்சப்புறம் 22.4, 21.2, 22.5, 21.1, 22.4, 21.4. மொத்தம் அதே 131, ஆனா ஒரு பெட்டியும் தாண்டல.

இதுல பொதுவா நடக்கற தப்பு என்னன்னா எல்லாரும் மொதல்ல துணிய எடுப்பாங்க. துணிய மாத்துனா இடம்தான் காலியாகும், எடை அவ்வளவா குறையாது. சின்னதா கனமா இருக்கறத தேடுங்க. உங்க 26 கிலோ பெட்டில இரும்பு தோசைக்கல்லு, பொடி பாக்கெட்டு, புக்கு இதுல ஏதாவது கண்டிப்பா இருக்கும். அதையெல்லாம் ஒரு மஞ்சப்பைல போட்டு, அந்த பைய பெட்டி எடை பாத்த லக்கேஜ் ஸ்கேல்ல மாட்டி தூக்குங்க. தோசைக்கல்லும் ரெண்டு பொடியும் 3.4 காட்டுச்சுன்னா இன்னொரு பொடி சேத்து 4 ஆக்கிட்டு அப்படியே பைய அடுத்த பெட்டிக்கு கொண்டு போங்க. பெட்டிய திரும்ப திரும்ப தூக்கி முதுகு வலிக்கற வேலை மிச்சம். கடைசில மட்டும் ஆறையும் ஒரு தடவ தூக்கி பாத்துட்டா போதும்.

திருச்சி தம்பி: "அண்ணே எங்களுக்கு ஷார்ஜா, டிக்கெட்ல 30K ன்னு இருக்கு. என் பெட்டி 34, வீட்டுக்காரம்மா பெட்டி 24, கூட்டுனா 58 தான், 60க்குள்ள. இது ஓகேவா?"

தம்பி உங்களுது வேற மாதிரி. `30K` ன்னா ஆளுக்கு 30 கிலோ எடை, பெட்டி கணக்கு இல்ல. ஒரே பிஎன்ஆர்ல புக் பண்ணி ரெண்டு பேரும் சேந்தே கவுன்ட்டருக்கு போனா பொதுவா கூட்டித்தான் பாப்பாங்க, அந்த வகையில 58 சரி. எல்லா ஏர்லைன்ஸும் கூட்டிக்க விடும்னு இல்ல, உங்க டிக்கெட் கண்டிஷன ஒரு தடவ படிச்சுருங்க.

ஆனா 34 போகாது. ஒத்த பெட்டி 32 கிலோவுக்கு மேல இருந்தா பெரும்பாலும் எந்த கவுன்ட்டரும் எடுக்காது, காசு கட்டுறேன்னாலும் எடுக்காது, ஏன்னா அத வண்டில தூக்கி போடறவரு ஒரு மனுஷன், அவரு முதுகுக்காக வச்ச வரம்பு அது. நாலு கிலோவ அவங்க பெட்டிக்கு மாத்துங்க, 30, 28 ஆயிடும்.

மதுரைக்காரி: "புதுசா வாங்கின லக்கேஜ் ஸ்கேல்ல பெட்டிய மாட்டினா 46ன்னு காட்டுது!! என் தம்பி ஒத்த கையில தூக்குறான். மெஷின் ரிப்பேரா, ரிட்டர்ன் பண்ணவா?"

ரிட்டர்ன் வேணாம், யூனிட் மாறிருக்கு. ஸ்கேல்ல இருக்கற யூனிட் பட்டன அழுத்துனா கிலோ, பவுண்டுன்னு மாறும், சில மெஷின்ல சீனாக்காரங்களோட ஜின் அளவும் இருக்கும், ஒரு ஜின் அரை கிலோ. அதான் 23 கிலோ 46 ஆச்சு. பவுண்டுல நின்னா இதே பெட்டி 50.7 காட்டும். திரைல ஓரத்துல சின்ன எழுத்துல யூனிட் இருக்கும், ஒவ்வொரு தடவயும் அத பாத்துட்டு நம்பர படிங்க.

மதுரைக்காரி: "மாத்திட்டேன் அண்ணா. ஆனா இப்ப ஒரே பெட்டி 22.6, 23.3, 22.9ன்னு தடவைக்கு ஒன்னு காட்டுது. எத நம்பறது?"

மூணையும் நம்பாதீங்க, தூக்கற விதத்த மாத்துங்க. அந்த மெஷின் நம்பர் நிலைச்சதும் பீப்னு சத்தம் குடுத்து அப்படியே லாக் ஆகிடும். நீங்க வெடுக்குன்னு தூக்குனா அந்த இழுப்பும் எடையோட சேரும், கூட காட்டும். கை நடுங்கினா பெட்டி ஆடும், நம்பர் மேலயும் கீழயும் போகும். பெட்டி அடி தரைல லேசா உரசினாலோ உங்க கால்ல சாஞ்சாலோ கம்மியா காட்டும், இந்த கடைசி விஷயம்தான் ஆபத்து, வீட்டுல 22.6ன்னு சந்தோஷமா கிளம்பி கவுன்ட்டர்ல 23.4 ஆகும்.

ரெண்டு நாற்காலிக்கு நடுவுல உலக்கையோ கெட்டியான கம்போ குறுக்க வச்சு, அதுல ஸ்கேல தொங்க விட்டு, ரெண்டு பேரு பெட்டிய மெதுவா விடுங்க. கை வேலையே இல்ல, ஆட்டமும் இல்ல. நாற்காலி உயரம் பத்தலன்னா மேசை ரெண்ட இழுத்துப் போடுங்க. மூணு தடவ பாத்து மூணும் 100 கிராம் வித்தியாசத்துக்குள்ள வந்தா அதான் எடை. திரைல `Lo` ன்னு வந்துச்சுன்னா பேட்டரி போச்சு, புதுசு போடாம அளக்காதீங்க.

நாகர்கோவில் சார்: "மெஷினே தப்பா காட்டுனா என்ன செய்ய? எங்க தெரு மளிகை கடை எலக்ட்ரானிக் தராசுல போட்டு சீட்டு வாங்கிட்டு வந்தா கவுன்ட்டர்ல ஒத்துக்குவாங்களா?"

சீட்ட ஒத்துக்க மாட்டாங்க சார், அங்க அவங்க தராசு சொல்றதுதான். ஆனா கடைக்காரர் தராசு முத்திரை போட்டதா இருந்தா உங்க மெஷின சோதிக்க நல்லது. ஒரு பெட்டிய அங்க போட்டு பாத்துட்டு வந்து வீட்டுலயும் தூக்குங்க, எவ்வளவு வித்தியாசம்னு எழுதி வச்சுக்குங்க, அத்தன பெட்டிக்கும் அதையே கூட்டி கழிச்சுக்கலாம்.

கடை தூரம்னா பிரிக்காத அரிசி மூட்டை போதும். ஒன்னே ஒன்னு, மூட்டைல அச்சடிச்சத படிச்சுட்டு தூக்குங்க. 2022 ஜூலைல 25 கிலோ வரைக்கும் இருக்கற பாக்கெட் அரிசிக்கு ஜிஎஸ்டி வந்ததுலேந்து நிறைய மூட்டை 26 கிலோவா வருது. அது தெரியாம எங்க பக்கத்து வீட்டுக்காரரு மெஷின் ஒரு கிலோ கூட காட்டுதுன்னு நினைச்சு எல்லா பெட்டிலயும் ஒரு கிலோ கழிச்சு எழுதிட்டாரு. கிளம்பறதுக்கு மொத நாள் ராத்திரி எல்லாத்தையும் திரும்ப பிரிச்சோம்.

துபாய் மாமா: "இவ்வளவு மெனக்கெடணுமா? பதினைஞ்சு வருஷமா போய்ட்டு வர்றேன், 23.8 எல்லாம் வச்சிருக்கேன், ஒருத்தன் ஒன்னும் கேட்டதில்ல."

மாமா நீங்க சொல்றது உண்மை, நானே அரை கிலோ வரைக்கும் விட்டுருக்கேன். அது அன்னைக்கு கவுன்ட்டர்ல நிக்கறவங்க முடிவு. ஃபிளைட் ஃபுல்லா, சூப்பர்வைசர் பின்னாடி நிக்கறாரா, இத பொறுத்து மாறும். உங்களுக்கு பதினைஞ்சு வருஷம் நடந்துச்சு, மொத தடவ குழந்தையோட போற ஒருத்தருக்கு அத நம்பி வைங்கன்னு என்னால சொல்ல முடியல.

துபாய் மாமா: "நான் சொல்றத சொல்லிட்டேன். 22.5ங்கறது வீண் பயம்."

சேலம் தங்கை: "பெட்டிக்குள்ள யாரு சாமான யாரு பெட்டில வைக்கறதுன்னு எதாவது இருக்கா அண்ணா? பையனுக்கு 9 வயசு, அவன் பேர்ல ரெண்டு பெட்டி. மாமியாரோட மருந்தும் அவன் பெட்டில இடம் இருக்கு, போட்டுடவா?"

மருந்து மட்டும் வேணாம்மா. சீட் எடுத்த குழந்தைக்கு பெட்டி கணக்கு பெரியவங்க மாதிரிதான், அதுல உங்க சாமான், பாத்திரம் எல்லாம் தாராளமா வைக்கலாம். ஆனா மாமியார் மருந்து, டாக்டர் சீட்டோட அவங்க கைப்பைல இருக்கணும். பெட்டி ஒரு நாள் லேட்டா வந்தாலும் அவங்க மாத்திரை நிக்கக்கூடாது.

அதே காரணத்துக்காக எடைய மாத்தும்போதே ஒவ்வொருத்தர் துணியையும் ரெண்டு பெட்டியா பிரிச்சுருங்க. ஒரு பெட்டி வரலன்னா பையனுக்கு மட்டும் மாத்து துணி இல்லங்கற நிலைமை வராது.

கைப்பைல கனம்னு சொல்லி பவர் பேங்க்க பெரிய பெட்டிக்கு மாத்தாதீங்க, அது கைல தான் வரணும். ஊறுகா அதுக்கு எதிர், கைப்பைல வச்சா செக்யூரிட்டில பிடுங்கிருவாங்க, பெட்டிக்குள்ள தான். அதனால ஒவ்வொரு பெட்டிலயும் மேலாக ஒரு கிலோ அளவுக்கு புக்கு, ஸ்வெட்டருன்னு கைல எடுத்துட்டு போகக்கூடியத ஒரு பைல போட்டு வைங்க. கவுன்ட்டர்ல எடை கூடுதலா வந்துச்சுன்னா ஜிப்ப திறந்து அந்த ஒரு பைய உருவினா போதும், ஊறுகா பாட்டில தேட வேணாம். கைப்பைக்கும் எடை வரம்பு உண்டு, நிறைய இடத்துல 7 கிலோ, அங்கயும் அந்த ஒரு கிலோவுக்கு இடம் விட்டு வைங்க.

தஞ்சாவூர் அம்மா: "என்கிட்ட ஸ்கேல் இல்ல, ஆள் எடை பாக்கற மெஷின் தான் இருக்கு. அப்புறம் பாப்பாவுக்கு 14 மாசம், அவளுக்கும் சேத்து அஞ்சு பெட்டி. அவ கணக்குல எவ்வளவு?"

மெஷின கல்லு தரைல வைங்க, பாய் மேல வேணாம். பெட்டிய தூக்கிட்டு ஏறி ஒரு நம்பர், இறக்கிட்டு ஏறி ஒரு நம்பர், கழிச்சுக்குங்க. பெட்டிய மெஷின் மேல நேரா வச்சா திரை மறையும், ஓரத்துல சாஞ்சா தப்பாவும் காட்டும். இதுல அரை கிலோ முன்ன பின்ன வரும், அதனால நீங்க 22லயே நிறுத்திக்குங்க.

மடில வச்சிக்கற குழந்தைக்கு பெரியவங்க அளவு வராதும்மா, சில ஏர்லைன்ஸ்ல 10 கிலோ, சிலதுல ஒரு சின்ன பெட்டி, சிலதுல தள்ளுவண்டி மட்டும். டிக்கெட்ல பாப்பா பேருக்கு நேரா என்ன போட்டிருக்குன்னு பாத்து, அஞ்சு பெட்டி எடையையும் எழுதுங்க, எதுலேந்து எத எடுக்கறதுன்னு சேந்து பாத்துரலாம்.