ஹெல்மெட்டுக்குள் எண்ணெயும் வியர்வையும்: தலையில் வரும் பருக்கள் பொடுகா, வேறா?

"எனக்கு வயது 31. கூரியர் டெலிவரி வேலை. பகல் முழுக்க பைக்கில்தான், தலையில் ஹெல்மெட். காலையில் குளித்ததும் தேங்காய் எண்ணெய் வைத்துக்கொண்டு கிளம்புவேன். இரண்டு மாதமாகப் பின்தலையிலும் உச்சியிலும் சின்னச் சின்னப் பருக்கள். சீப்பு பட்டால் வலிக்கிறது. சொறிந்தால் மஞ்சளாகப் பொருக்கு வருகிறது, சில நேரம் ரத்தமும். உடம்புச் சூடுதான் என்று அம்மா எண்ணெயை இன்னும் கூட வைக்கச் சொல்கிறார். மருந்துக்கடையில் ஒரு களிம்பு கொடுத்தார்கள். ஒரு வாரம் அடங்கியிருந்தது, இப்போது முன்பைவிட அதிகம். இது பொடுகா? முடி கொட்டிவிடுமா?"
வாசகர், திருச்சி

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் இது பொடுகு இல்லை. முடி முளைக்கும் குழியில் வரும் அழற்சி, அதாவது மயிர்க்கால் அழற்சி போலத் தெரிகிறது. மருத்துவர்கள் ஃபாலிகுலைட்டிஸ் என்று எழுதுவார்கள். ஆனால் தலையில் என்ன இருக்கிறது என்பதைக் கடிதத்தில் படித்து முடிவு செய்ய முடியாது, பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அதனால் முதலில் நீங்களே ஒரு முறை பாருங்கள்.

தலைக்குக் குளித்து, எண்ணெய் வைக்காமல், முடி காய்ந்தபின் வெயில் வெளிச்சத்தில் உட்காருங்கள். வீட்டில் ஒருவரைச் சீப்பின் வால் முனையால் வகிடு எடுத்தபடி பின்தலையை செல்போனில் நெருக்கமாகப் படம் பிடிக்கச் சொல்லுங்கள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், கடுகு அளவோ அதைவிடச் சின்னதாகவோ ஒரு கொப்புளம் தெரியும். உச்சியில் வெள்ளையாக அல்லது மஞ்சளாகச் சீழ், சுற்றிலும் சிவந்த வளையம். நிறம் கறுத்தவர்களுக்கு அந்த வளையம் சிவப்பாகத் தெரியாமல் கருஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ இருக்கும். இதில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: கொப்புளத்தின் நட்டநடுவில் ஒரு முடி துளைத்துக்கொண்டு வெளியே வருகிறதா? வந்தால் மயிர்க்கால் அழற்சி என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

இந்தக் கொப்புளத்தின் மேல்தோல் மிக மெல்லியது. சீப்பு பட்டாலே உடைந்துவிடும். கசிந்த சீழ் காய்ந்து, தேன் நிறத்தில் பொருக்காக முடியோடு ஒட்டிக்கொள்ளும். நீங்கள் சொறிந்து எடுப்பது அதைத்தான். பொடுகு அப்படி இருக்காது. பொடுகில் வெள்ளையாகவோ பிசுபிசுப்பான மஞ்சளாகவோ செதில் தலை முழுக்கப் பரவலாக இருக்கும், உதிரும், அரிக்கும். ஆனால் தொட்டால் வலிக்காது, சீழ்க்கொப்புளமும் இருக்காது. இரண்டும் ஒரே தலையில் சேர்ந்து வருவதும் உண்டு. பொடுகு அரிக்கிறது என்று நகத்தால் சொறிந்து, அந்தக் கீறல் வழியாகக் கிருமி நுழைந்து கொப்புளம் கிளம்பியவர்களை அடிக்கடி பார்க்கிறோம்.

சரி, இது ஏன் வருகிறது? ஒவ்வொரு முடியும் ஒரு சின்னக் குழியிலிருந்துதான் வளர்கிறது. அந்தக் குழிக்குள் தோலே சுரக்கும் எண்ணெய்ப்பசை இருக்கிறது. அதன் மேல் நீங்கள் தேங்காய் எண்ணெயை ஒரு படலமாகப் பூசுகிறீர்கள். அதுவும் ஈரம் காயாத முடியில். பிறகு ஹெல்மெட்டை மாட்டியதும் காற்று இல்லை, வெப்பம் ஏறுகிறது, வியர்வை வடிகிறது. நாள் முழுக்க ஈரத்தில் ஊறிய தோல் உப்பிக் குழியின் வாயை அடைக்கிறது. ஹெல்மெட் இறுக்கும் இடங்களில் உரசலும் சேர்ந்துகொள்கிறது. தோலிலும் மூக்கிலும் சாதுவாகக் குடியிருக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் பாக்டீரியாவுக்கு இது போதும். உங்களுக்குப் பருக்கள் பின்தலையிலும் உச்சியிலும் இருப்பது தற்செயல் இல்லை, ஹெல்மெட்டின் உள்பஞ்சு அழுத்தும் இடங்கள் அவை.

ஆகவே குற்றவாளி எண்ணெய் மட்டும் என்று சொல்ல மாட்டேன். இரவில் எண்ணெய் வைத்துக் காலையில் அலசிவிடும் எத்தனையோ பேருக்கு எதுவும் வருவதில்லை. எண்ணெய், வியர்வை, மூடிய ஹெல்மெட் மூன்றும் ஒரே நேரத்தில் மணிக்கணக்கில் தலையில் இருப்பதுதான் சிக்கல். அம்மா சொல்லும் 'சூடு' என்பதில் பாதி உண்மை இருக்கிறது, வெப்பமும் வியர்வையும்தான் தூண்டுகின்றன. அதற்கு மருந்தாக இன்னும் எண்ணெய் என்பதுதான் தவறு.

அந்தக் களிம்புக்கு வருவோம். ஒரு வாரம் அடங்கி, பிறகு கூடுதலாகக் கிளம்பியது என்றால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்பு அதிகம். ஸ்டீராய்டு சிவப்பையும் அரிப்பையும் வேகமாக அமுக்கும். கிருமியைக் கொல்லாது. அந்த இடத்தின் எதிர்ப்புச் சக்தியையும் குறைத்துவிடும். அதனால் நிறுத்தியதும் இரட்டிப்பாக வரும். டியூபின் பின்பக்கம் பாருங்கள், பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசோல், மொமெட்டசோன் என்று ஏதாவது இருந்தால் இத்தோடு விட்டுவிடுங்கள். கட்டித் தைலம் போன்ற களிம்புகளே தலையில் குழிகளை அடைக்கும் என்பது வேறு விஷயம். தலைக்கு மருந்து என்றால் லோஷனாகவோ ஷாம்பூவாகவோ இருப்பதுதான் நல்லது.

இனி செய்ய வேண்டியது. மூன்று வாரத்துக்கு எண்ணெயை முழுவதுமாக நிறுத்துங்கள். ஜெல், மெழுகு போன்றவையும் வேண்டாம். வேலை முடிந்து வந்ததும் தலையை அலசுங்கள், வியர்வையோடு தூங்க வேண்டாம். வாரத்தில் இரண்டு நாள் 2% கீட்டோகோனசோல் ஷாம்பூ போட்டு, நுரையை ஐந்து நிமிடம் தலையில் விட்டு அலசுங்கள். மற்ற நாட்களில் மென்மையான சாதாரண ஷாம்பூ போதும். தார் கலந்த பொடுகு ஷாம்பூவை எடுக்காதீர்கள், தாரே மயிர்க்காலில் அழற்சியைக் கிளப்பக்கூடியது.

பொருக்கை நகத்தால் பிய்க்கக் கூடாது. வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியைப் பத்து நிமிடம் வைத்தால் ஊறித் தானே கழன்றுவிடும். துணியை ஒவ்வொரு முறையும் வெந்நீரில் துவைத்துக் காயப்போடுங்கள். உங்கள் சீப்பு, துண்டு, தலையணை உறையை வேறு யாரும் பயன்படுத்த வேண்டாம். கொப்புளத்தைப் பிதுக்கவும் வேண்டாம், சின்னதாக இருந்தது ஆழத்தில் கட்டியாக மாறுவது இப்படித்தான்.

அப்புறம் ஹெல்மெட். அதைக் கழற்றி வைத்துவிடலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், கூடவே கூடாது. பரு ஆறிவிடும், மண்டை உடைந்தால் ஆறாது. பெரும்பாலான ஹெல்மெட்டுகளில் உள்பஞ்சைப் பொத்தான் கழற்றி எடுக்க முடியும். வாரம் ஒரு முறை சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துக் கசக்கி, நன்றாக அலசி, முற்றிலும் காயவைத்து மாட்டுங்கள். கழற்ற முடியாத வகை என்றால் சோப்பு நீரில் பிழிந்த துணியால் உள்ளே துடைத்துக் காற்றில் காயவிடுங்கள். பெட்ரோல், தின்னர் எதையும் உள்ளே விடாதீர்கள், அடியைத் தாங்கும் தெர்மோகோலை அது கரைத்துவிடும். உள்ளே மெல்லிய பருத்திக் குல்லாய் ஒன்று போடலாம். மூன்று நான்கு வைத்துக்கொண்டு, மதியம் நனைந்ததை மாற்றுங்கள். தடிமனான துணி கட்டினால் ஹெல்மெட் தளர்ந்துவிடும், அது ஆபத்து. பார்சல் கொடுக்க இறங்கும்போதெல்லாம் கழற்றித் தலைக்குக் காற்றுப் படவிடுங்கள். ஈர முடியோடு மாட்டவே வேண்டாம்.

பலன் எப்படித் தெரியும்? முதலில் புதிதாகக் கிளம்புவது குறையும். பிறகுதான் பழைய பொருக்குகள் உதிரும். பழுப்புத் தழும்பு கொஞ்ச நாள் நிற்கும், அது நோய் இல்லை. களிம்பை நிறுத்திய முதல் சில நாட்கள் கொஞ்சம் கூடியது போலத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். ஆனால் இரண்டு வாரம் கடந்தும் புதிய சீழ்க்கொப்புளங்கள் வந்துகொண்டே இருந்தால் தோல் மருத்துவரிடம் போய்விடுங்கள். அவர் கிளிண்டாமைசின் லோஷனோ சில வாரத்துக்கு மாத்திரையோ எழுதலாம், சீழை எடுத்துப் பரிசோதனைக்கும் அனுப்பலாம். மாத்திரையை நீங்களே வாங்கி விழுங்காதீர்கள். அதற்கு ஒரு காரணம் உண்டு. இதே போன்ற பருக்களை மலசீசியா என்ற பூஞ்சையும் உண்டாக்கும். அதில் பருக்கள் எல்லாம் ஒரே அளவில் இருக்கும், வலியைவிட அரிப்பு அதிகம், பெரும்பாலும் முன்நெற்றி ஓரம், தோள், முதுகிலும் இருக்கும். எண்ணெய்ப்பசை அதற்குத் தீனி. ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் அது குறையாது, சில சமயம் கூடும்.

இன்னும் சில ஒப்பீடுகள். குழந்தைகள் தலையில் பொருக்கும் பிடரியில் நெறி கட்டுவதும் இருந்தால் முதலில் பேனும் ஈறும் தேடுங்கள். வட்டமாக முடி உதிர்ந்து, முடி அடியில் ஒடிந்து கரும்புள்ளியாக நின்றால் அது தலைப்படர்தாமரை, அதற்கு வாய்வழி மருந்து வேண்டும். அழுத்தினால் கொழகொழவென்று மெத்தை போல அமுங்கும் வீக்கம் இருந்தால் காத்திருக்க வேண்டாம், அன்றே காட்டுங்கள். காய்ச்சல், முகமோ கண்ணிமையோ வீங்குவது, ஒரு கட்டி வேகமாகப் பெரிதாவது ஆகியவற்றுக்கும் இதே விதிதான். கட்டிகள் திரும்பத் திரும்ப வருகிறவர்கள் ரத்தச் சர்க்கரையைப் பார்த்துக்கொள்வது அவசியம்.

முடியைப் பற்றிக் கேட்டீர்கள். மேலோட்டமான மயிர்க்கால் அழற்சியில் முடியின் வேர் சாகாது, உதிர்ந்தாலும் திரும்ப முளைக்கும். ஆனால் பரு ஆறிய இடம் வழுவழுப்பாகிப் பளபளத்தாலோ, ஒரே துளையிலிருந்து ஐந்தாறு முடி பொம்மையின் தலையில் போலக் கொத்தாக முளைத்தாலோ அது தழும்பு விழுந்து முடி நிரந்தரமாகப் போகும் வகை. அதில் ஒரு மாதம் தாமதித்தாலும் இழப்புதான். பிடரியில் கட்டியான மேடுகள் எழும்பினாலும் காட்டிவிடுங்கள், அடிக்கடி பிளேடால் ஒட்ட மழித்துக்கொள்பவர்களுக்கு அப்படி வரும். நீங்களும் ஆறும்வரை மொட்டை அடிக்கவோ பிடரியைச் சவரம் செய்யவோ வேண்டாம். கத்தரியால் குட்டையாக வெட்டிக்கொள்ளலாம்.

எல்லாம் ஆறியபின் அம்மாவுக்காக எண்ணெய் வைக்க ஆசைப்பட்டால் விடுமுறை நாளில் வையுங்கள். முடியின் நீளத்தில் தடவி, மண்டையில் அழுத்தித் தேய்க்காமல், ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஷாம்பூ போட்டு அலசிவிடுங்கள். வண்டி எடுக்கும் நாளில் மட்டும் எண்ணெய் வேண்டாம்.