ஃப்ரிட்ஜ் பாலைப் பிள்ளை தட்டிவிடுகிறது: பாட்டிலை மாற்றவா, பம்பை மாற்றவா?

கேள்வி: எனக்கு ஊர் கருங்கல் பக்கம். நாகர்கோவிலில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். மகளுக்கு ஐந்தரை மாதம். லீவு முடிந்து இப்போதுதான் வேலைக்குப் போகிறேன். ஆபீசில் எடுத்த பாலை ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாள் மாமி பாட்டிலில் கொடுத்தால் முகத்தைச் சுளித்துத் தட்டிவிடுகிறாள். ஞாயிற்றுக்கிழமை நான் அப்போதே எடுத்த பாலை மாமி அதே பாட்டிலில் கொடுத்தால் குடிக்கிறாள். ஃப்ரிட்ஜ் பாலில் சோப்பு வாசம் அடிக்கிறது; நான் மீன் சாப்பிடுவதால்தான் என்கிறார்கள் மாமி. கடைக்காரர், தாயின் மார்பு மாதிரியே இருக்கும் என்று விலை கூடிய ஒரு பாட்டிலைக் காட்டுகிறார். பம்ப் அக்கா பயன்படுத்தியது. வலிக்கிறது, ஒரு தடவைக்கு இரண்டு பக்கமும் சேர்த்து 60 மில்லிதான் வருகிறது. பாட்டில், பம்ப் இரண்டையும் புதிதாக வாங்கிவிடவா?

பதில்: பாட்டிலுக்குக் காசு செலவழிக்க வேண்டாம். பம்பை மாற்றுவதற்கு முன் அதில் பார்க்க வேண்டிய இரண்டு மூன்று விஷயங்களைக் கீழே சொல்கிறேன்.

அதே பாட்டில், அதே மாமி, ஆனால் ஞாயிறு குடிக்கிறாள், மற்ற நாள் குடிப்பதில்லை. மாறுவது இரண்டுதான்: பாலின் வயது, நீங்கள் வீட்டில் இருப்பது. எது காரணம் என்று காசில்லாமல் பார்த்துவிடலாம். வரும் ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வீட்டில் இருக்கும்போதே முந்தைய நாள் ஃப்ரிட்ஜ் பாலை மாமி கொடுக்கட்டும். திங்கட்கிழமை காலையில் கிளம்பும் முன் எடுத்த பாலை, நீங்கள் போன பிறகு கொடுக்கட்டும். ஞாயிறு தட்டிவிட்டுத் திங்கள் குடித்தாள் என்றால் குற்றம் பாலின் வாசத்தில். முடிவு தலைகீழாக வந்தால்தான் நீங்கள் இல்லாததை அவள் ஏற்கவில்லை என்று பொருள். அப்போதும் புதுப் பாட்டில் உதவாது. பசி முற்றி அழுவதற்கு முன்பே, மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து, பாட்டிலைச் சாய்வாக இல்லாமல் ஏறக்குறைய படுக்கைவாட்டில் பிடித்து, அவள் உறிஞ்சினால் மட்டும் பால் வரும்படி கொடுத்துப் பழக்க வேண்டும்.

நீங்கள் சொல்லும் சோப்பு வாசத்தை வைத்துப் பார்த்தால் முதல் முடிவுதான் வரும் என்று நினைக்கிறேன். தாய்ப்பாலில் லைப்பேஸ் என்கிற நொதி உண்டு. கொழுப்பை உடைத்துப் பிள்ளைக்குச் செரிக்க வைப்பது அதன் வேலை. பாலை எடுத்து வைத்த பிறகும் அது வேலையை நிறுத்துவதில்லை; ஃப்ரிட்ஜின் குளிரில் மெதுவாகும், அவ்வளவுதான். ஃப்ரீசரில் வைத்தாலும் முழுசாக நிற்காது. சிலருடைய பாலில் சில மணி நேரத்திலேயே சோப்பு வாசம் வந்துவிடும், சிலருக்கு நாள் கணக்கில் வராது. அந்தப் பால் கெட்டுப்போனதல்ல. குடிக்கிற பிள்ளைக்கு ஒன்றும் செய்யாது. கெட்ட பாலுக்குப் புளித்த வாடை வரும், அதைக் கொட்டிவிட வேண்டும். மாமியிடம் சாளை மீனைக் குற்றம் சொல்வதை விட்டுவிடச் சொல்லுங்கள்: மீன்தான் காரணமென்றால் எடுத்தவுடனேயே வாசம் இருக்க வேண்டும். பாட்டிலில் சோப்பு ஒட்டியிருக்கிறதோ என்ற சந்தேகமும் இதே கணக்கில் விழுந்துவிடும், ஞாயிற்றுக்கிழமை அதே பாட்டிலில்தானே குடிக்கிறாள்.

உங்கள் பாலில் வாசம் எத்தனை மணி நேரத்தில் வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. ஒரு சனிக்கிழமை மாலை கொஞ்சம் பாலை ஃப்ரிட்ஜில் வைத்து, 6 மணி நேரம், 12 மணி நேரம், 24 மணி நேரம் கழித்து ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். உங்கள் கணக்கை ஒரு உதாரணத்துக்குப் போட்டுப் பார்ப்போம். காலை 11 மணிக்கு ஆபீசில் எடுத்த பாலை மறுநாள் 10 மணிக்குக் கொடுக்கிறார்கள் என்றால் அதற்கு வயது 23 மணி நேரம். வாசம் 12 மணி நேரத்துக்கு மேல்தான் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் விடியற்காலையில் பிள்ளை ஒரு பக்கம் குடித்ததும் மறுபக்கத்தில் எடுக்கும் பாலை அன்றே முதல் வேளைக்குக் கொடுத்துவிடலாம். அதற்கு எதுவும் செய்ய வேண்டியதில்லை. ஆபீஸ் பாலை மட்டும் அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் சூடாக்கி வைக்க வேண்டும்.

அந்தச் சூடு எவ்வளவு என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். சின்ன எவர்சில்வர் பாத்திரத்தில் பாலை ஊற்றி, சிறு தீயில் வைத்துக் கிண்டுங்கள். விளிம்பில் பொடிக் குமிழ்கள் வர ஆரம்பித்ததும், பொங்கும் முன்பே இறக்கிவிட வேண்டும்; ஏறக்குறைய 80 டிகிரி. இறக்கியதும் பாத்திரத்தைக் குளிர்ந்த நீரில் வைத்து ஆற்றி, பாட்டிலில் ஊற்றி ஃப்ரிட்ஜின் உள்பக்கத்தில் வையுங்கள், கதவில் வேண்டாம். இந்தச் சூட்டில் நொதி செயலிழந்துவிடும். ஆனால் நோய் எதிர்ப்புச் சத்தில் கொஞ்சம் குறையும். அதனால் எல்லாப் பாலையும் இப்படிச் செய்யாதீர்கள். தட்டிவிடுகிற பங்குக்கு மட்டும் போதும். மாலையும் இரவும் நேரடியாகக் குடிக்கிறாளே, அது இருக்கிறது. வாசம் வந்த பிறகு காய்ச்சிப் பலனில்லை.

ஆபீசிலிருந்து வீடு வரைக்கும் பாலைக் குளிரில் வைத்திருப்பதும் இதோடு சேர்ந்தது. அறை வெப்பத்தில் 4 மணி நேரம் வைக்கலாம் என்று படித்திருப்பீர்கள். அது 25 டிகிரி வரைக்கும் உள்ள அறைக்குச் சொன்னது, நம் ஊரில் ஏசி இல்லாத அறைக்கு அந்தக் கணக்கு ஆகாது. எடுத்தவுடனே, இரவு முழுக்க ஃப்ரீசரில் இருந்து கெட்டியான ஐஸ் பேக்குகளோடு குளிர்ப் பையில் வைத்துவிடுங்கள். கெட்டியான பேக்குகள் பாட்டிலை ஒட்டி இருந்தால் 24 மணி நேரம் வரை தாங்கும். தக்கலையில் பஸ் எவ்வளவு நேரம் ஊர்ந்தாலும் கவலையில்லை. மதியம் எடுக்கும் வெதுவெதுப்பான பாலைக் காலையில் எடுத்த குளிர்ந்த பாலில் ஊற்றாதீர்கள். தனியாக ஆற்றிய பிறகு சேர்க்கலாம். ஃப்ரிட்ஜில் 4 நாள் வரை வைக்கலாம். கொடுக்கும்போது வெந்நீர்க் கிண்ணத்தில் பாட்டிலை வைத்தால் போதும், மைக்ரோவேவ் வேண்டாம். பிள்ளை வாய் வைத்து மிச்சம் விட்டதை 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது.

இனி பம்ப். அக்காவின் பம்பில் முதலில் மோட்டாருக்குப் போகும் குழாயைப் பாருங்கள். பால் மோட்டார் பக்கம் ஏறாமல் தடுக்க நடுவில் ஒரு சவ்வு இருந்தால் அது மூடிய வகை. அந்தச் சவ்வு இல்லாத திறந்த வகையில் பால்துளி உள்ளே போய்ப் பூசணம் பிடிக்கும், உள்ளே கழுவவும் முடியாது. ஒருவர் பயன்படுத்திய திறந்த வகைப் பம்பை இன்னொருவர் பயன்படுத்தக் கூடாது. அது உங்களிடம் இருந்தால் மட்டும் தயங்காமல் புதிது வாங்குங்கள்.

மூடிய வகை என்றால் வலிக்குக் காரணத்தைப் புனலில் தேடுங்கள். மார்பில் வைக்கும் அந்த உறுப்புக்குப் பெட்டியில் ‘பிளாஞ்ச்’ என்று போட்டு, பக்கத்தில் மில்லிமீட்டர் அளவு கொடுத்திருப்பார்கள். பெரும்பாலும் 24 தான் வரும், எல்லாருக்கும் அது பொருந்தாது. பால் எடுப்பதற்கு முன் முலைக்காம்பின் அடியில் குறுக்களவை ஸ்கேலால் எடுங்கள். சுற்றியுள்ள கருவட்டத்தைச் சேர்க்காதீர்கள். புனலின் அளவு அதைவிட ஓரிரண்டு மில்லிமீட்டர், மிஞ்சிப்போனால் நாலு கூடுதலாக இருக்கலாம். உங்களுக்கு 17 என்று வந்தால் 24 அதிகம்: கருவட்டமும் சேர்ந்து உள்ளே இழுபட்டு வீங்கும், பாலும் சரியாக வராது. அளவு சிறிதாக இருந்தால் காம்பு பக்கவாட்டில் உரசி, நுனி வெளுத்துப் போகும். பெரிய புனலுக்குள் செருகிக்கொள்ளும் சிலிக்கான் வளையம் தனியாக விற்கிறார்கள், புதுப் பம்பின் விலையோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

இழுவிசை குறைந்திருப்பதாகத் தோன்றினால் வாத்து அலகு போன்ற அந்தச் சின்ன சிலிக்கான் வால்வைப் பாருங்கள். சும்மா இருக்கும்போதே அதன் பிளவு திறந்திருந்தால் காற்று கசிகிறது என்று பொருள். பிரஷை உள்ளே விட்டுத் தேய்த்தால் சீக்கிரம் இப்படி ஆகும். பழைய பம்பு என்பதால் வால்வை எப்படியும் மாற்றிவிடுங்கள், அந்த மாடலுக்கானதுதானா என்று பார்த்து.

அதன் பிறகும் 60 மில்லிதான் வருகிறதா? பயப்படுகிற அளவல்ல. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் பிள்ளைக்கு, நீங்கள் வெளியே இருக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 25 முதல் 30 மில்லி என்று கணக்கு வையுங்கள். காலை 8 மணிக்குப் புறப்பட்டு மாலை 6 மணிக்குத் திரும்பினால் 250 முதல் 300 மில்லி, அதை மூன்று வேளையாகப் பிரிக்கலாம். ஆபீசில் இரண்டு தடவை எடுப்பதை மூன்றாக்கினால், விடியற்காலைப் பாலோடு சேர்த்து எட்டிவிடலாம். முன்பு மகப்பேறு நலச் சட்டத்தில் இருந்து, இப்போது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் உள்ள விதி, பிள்ளைக்கு 15 மாதம் ஆகும்வரை, வழக்கமான இடைவேளை போகத் தினம் இரண்டு இடைவேளைகளைப் பிள்ளைக்குப் பாலூட்டுவதற்கென்று தருகிறது. வீடு தொலைவில் இருப்பதால் அந்த நேரத்தில் பால் எடுத்துக்கொள்கிறேன் என்று எழுத்தில் கேளுங்கள். கடைசியில் புதுப் பம்ப் வாங்க நேர்ந்தால் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் எடுக்கும் மூடிய வகையாகப் பாருங்கள், உங்கள் நேரம் பாதியாகும். பெட்டி திறந்த பம்பை ஆன்லைனில் பெரும்பாலும் திரும்ப எடுப்பதில்லை, அதனால் மோட்டாரை ஓட்டிக் காட்டி பில் போட்டுத் தரும் கடையில் வாங்குவது நல்லது.

கடைக்காரர் பாட்டிலுக்கு இலவசம், தள்ளுபடி என்று ஏதாவது சொன்னால், பால் புட்டிகளை அப்படி விளம்பரப்படுத்துவதையும் ஆசைகாட்டி விற்பதையும் 1992-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது என்று சொல்லுங்கள். பாட்டிலில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும், காம்பு மெதுவாகச் சொட்டும் வகையாக இருக்க வேண்டும். அதற்கு மேல் விலை கொடுக்கக் காரணமில்லை. பாட்டிலே வேண்டாம் என்றாலும் குறையில்லை. மாமிக்குப் பாலாடையில் புகட்டத் தெரிந்திருக்கும். நம் அரசு வழிகாட்டுதலும் பாட்டிலை விடக் கிண்ணம், கரண்டி, பாலாடையைத்தான் சொல்கிறது, கழுவுவதும் எளிது. நிமிர்த்தி வைத்து, பாலை வாய்க்குள் கொட்டாமல் உதட்டோரம் வைத்தால் போதும், அவளே இழுத்துக்கொள்வாள்.

ஃப்ரீசரில் பால் சேர்த்து வைத்திருந்தால், வாசம் வந்துவிட்டதென்று அதைக் கொட்டிவிடாதீர்கள். அன்று எடுத்த பாலோடு கலந்து கொடுத்துப் பாருங்கள், முதலில் கால் பங்கு. அதற்கும் முகம் சுளித்தால் பொறுத்திருங்கள். ஏத்தங்காய்ப் பொடியை இப்போதே தொடங்கலாமா என்று மாமி கேட்டிருப்பார்கள். இரண்டு வாரம் போகட்டும். ஆறு மாதம் முடிந்து கூழ் கொடுக்கத் தொடங்கும்போது, ஃப்ரீசர் பாலை ஃப்ரிட்ஜில் இறக்கி உருகவைத்து, உருகிய 24 மணி நேரத்துக்குள் வெந்த கூழில் கலந்துவிடலாம். ஏத்தங்காயின் இனிப்பில் அந்த வாசம் அவளுக்குப் பெரும்பாலும் தெரியாது.